காற்று புரட்டிய பக்கம்

எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வழி சொல்வது சுலபம். பாப்பாமோட்டைக்கு அப்பால் பஸ்ஸை விட்டு இறங்கி வயலோரமாக நடந்தால், கட்டடம் கண்ணில் படுவதற்கு முன்பே வசந்தமலரின் வகுப்பு காதில் விழும். ஐந்தாம் தரத்துப் பிள்ளைகள் அத்தனை பேரும் ஒரே குரலில் தமிழ்ப் பாடம் வாசிப்பார்கள். அரிசி இடிப்பதுபோல ஒரே தாளம். யாரும் முந்துவதுமில்லை, பிந்துவதுமில்லை. வயலில் நிற்கிற தகப்பன்மார் வேலையை நிறுத்திக் கேட்பார்களாம். எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. நான் பக்கத்து அறையில் நான்காம் தரத்துக்குப் படிப்பிக்கிறவள். இரண்டு வகுப்புக்கும் நடுவில் ஒரு தட்டிதான் இருக்கிறது.

என் பெயர் மேரிசெல்வி. கீரிக் கிராமத்திலிருந்து மன்னார்ப் பாலத்தைக் கடந்து, இரண்டு பஸ் மாறி வருகிறேன். பள்ளிக்கூட வாசலுக்கு வரும்போதே பாதிப் பொறுமை போய்விடும். மீதியை எடுத்துக்கொள்ள வசந்தமலரின் வகுப்பு காத்திருக்கும்.

"வசந்தா, உம்மடை பிள்ளையளை மூச்செடுக்கவாவது விடுமன்" என்று தட்டிக்கு மேலால் சத்தம் போடுவேன்.

"அவையள் சந்தோசமாய் வாசிக்கினம், மேரி அக்கா" என்பாள். அவளுக்கு என்மேல் கோபமே வராது. அதுவே எனக்கு எரிச்சல்.

வசந்தமலரின் அப்பாவும் அம்மாவும் மலைநாட்டிலிருந்து வந்து இங்கே குடியேறியவர்கள். ஊர்க்காரர்களின் வயலில் நாட்கூலிக்கு நாற்று நட்டு, களை பிடுங்கி அவளைப் படிக்க வைத்தார்கள். தொண்டர் ஆசிரியையாகச் சம்பளமில்லாமல் சில வருடம் நின்று, பிறகு நிரந்தரமானாள். இப்போது சனி ஞாயிறுகளில் மன்னார் ரவுனுக்குப் போய்க் கல்விமாணிப் பட்டப் படிப்பைப் படிக்கிறாள். ஐந்து நாள் பிள்ளைகளோடு கத்திவிட்டு, மற்ற இரண்டு நாளும் கொப்பியும் கையுமாகக் கதிரையில் உட்காருவதற்கு ஒரு மனம் வேண்டும். எனக்கு அது இல்லை.

அந்தப் படிப்பின் கடைசி வருடத்தில் செயல்நிலை ஆய்வு ஒன்று செய்ய வேண்டும். பெயர்தான் பெரிது. ஒரு ஆசிரியர் தன் வகுப்பில் கண்ட ஒரு குறையை எடுத்து, தன் கற்பித்தலில் ஒரு மாற்றம் செய்து, என்ன நடக்கிறது என்று அவதானித்து, யோசித்து, திருத்தி மறுபடியும் செய்வது. தொடங்குவதற்கு முன் முழுத் திட்டத்தையும் முன்மொழிவாக எழுதி, விரிவுரையாளர்கள் முன் விளக்கி, அவர்கள் சம்மதித்த பிறகே வகுப்பில் இறங்கலாம். திருப்பி அனுப்பினால் அடுத்த தொகுதி மாணவரோடுதான் மறுபடி வரவேண்டும். அப்படியென்றால் ஒரு வருடம் போய்விடும்.

வசந்தமலருக்குத் தன்னுடைய ஒரு வருடம் போவது பற்றிக் கவலையில்லை. கவலையெல்லாம் பிள்ளைகளைப் பற்றித்தான். எங்கள் பள்ளிக்கூடம் ஐந்தாம் தரத்தோடு முடிகிறது. வருடக் கடைசியில் இந்தப் பிள்ளைகள் பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போய்விடுவார்கள். அங்கே விஞ்ஞானம், வரலாறு, சமயம் என்று ஒவ்வொரு பாடத்துக்கும் ஒவ்வொரு புத்தகம். தடக்கித் தடக்கி வாசிக்கிற பிள்ளை அங்கே பின்வாங்கில் உட்கார்ந்து பேசாமலிருக்கப் பழகிவிடும். அதனால்தான் சரளமாக வாசிக்க வைப்பதைத் தன் ஆய்வாக எடுத்தாள்.

அவளுடைய முதல் வரைபு இதுதான். பாடப்புத்தகத்திலிருந்து தேனீயைப் பற்றிய ஒரு பகுதியைத் தெரிவு செய்தாள். ஒவ்வொரு பிள்ளையையும் தனியே கூப்பிட்டு ஒரு நிமிடம் வாசிக்கச் சொன்னாள். எத்தனை சொல்லைச் சரியாக வாசித்தார்கள் என்று எண்ணி அட்டவணை போட்டாள். அநேகம் பேர் நன்றாக வாசித்தார்கள். ஐந்தாறு பேர்தான் பின்தங்கி நின்றார்கள். அந்த ஐந்தாறு பேருக்குக் கூட்டு வாசிப்பை இன்னும் கூட்டிக் கொடுத்தால் அவர்களும் மற்றவர்களை எட்டிவிடுவார்கள் என்பது அவளுடைய திட்டம். மேற்பார்வை விரிவுரையாளர் கோகுலன் அதைப் படித்துவிட்டு, மிகவும் தெளிவாக இருக்கிறது என்று எழுதி அனுப்பியிருந்தார். அளவிடும் விதத்தைக் காட்ட நன்றாக வாசிக்கும் ஒரு பிள்ளையின் ஒலிப்பதிவையும், தடக்கும் ஒரு பிள்ளையின் ஒலிப்பதிவையும் கொண்டுவந்தால் நல்லது என்றும் சொல்லியிருந்தார்.

அந்த ஆய்வில் நான் விமர்சன நண்பர். இதுவும் ஒரு பதவிதான். ஆய்வு செய்கிறவர் தன் பிழையைத் தானே காணமாட்டார் என்பதால், பக்கத்தில் இருந்து பார்த்து உள்ளதைச் சொல்ல ஒரு ஆள் வேண்டும். "உங்களை விட்டால் எனக்கு ஆர் ஏசப்போகினம்?" என்று கேட்டுத்தான் என்னைச் சேர்த்தாள்.

சோளகக் காற்று அடிக்கத் தொடங்கிய நாட்கள். அரைச்சுவர் வகுப்பறைக்குள் காற்றும் மணலும் தாராளமாக வந்து போகும். இடைவேளைக்குப் பிறகு டிலக்சனாவைக் கூப்பிட்டோம். அட்டவணையில் முதலாவதாக நின்ற பிள்ளை அவள். நான் தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வசந்தமலர் அதே பகுதியின் பிரதியைக் கையில் வைத்துப் பிழைகளைக் குறிக்கத் தயாரானாள். டிலக்சனா புத்தகத்தை மேசையில் விரித்து, கையைக் கட்டிக்கொண்டு வாசித்தாள். குரல் மணி மாதிரி. இடையில் ஒரு காற்று வந்து படபடவென்று இரண்டு மூன்று தாளைப் புரட்டிப் போட்டது. இப்போது அவளுக்கு முன்னால் இருந்தது ரயில் படம் போட்ட வேறு பாடம். டிலக்சனா நிறுத்தவில்லை. ரயிலைப் பார்த்துக்கொண்டே தேனீ எப்படித் தேன் சேகரிக்கிறது என்று கடைசி வரி வரைக்கும் வாசித்து முடித்தாள். ஒரு சொல் பிசகவில்லை.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வசந்தமலர் சிரிக்கவில்லை. பென்சிலை மேசையில் வைத்தாள்.

"நல்லாய்ச் சொன்னனியம்மா. வகுப்புக்குப் போ" என்றாள்.

வாசித்தாய் என்று அவள் சொல்லவில்லை. அதை நான் கவனித்தேன்.

பிள்ளை போனதும் மெதுவாகக் கேட்டாள். "அக்கா, அவள் எப்ப தொடக்கம் புத்தகத்தைப் பாக்கேல்லை?"

"எனக்கெப்படித் தெரியும்?"

"எனக்குத் தெரிஞ்சிருக்க வேணும். விடிஞ்சால் பொழுதுபட்டால் இந்தப் பாடத்தைச் சேர்ந்து படிக்க வைச்சது நான். எல்லாருக்கும் பாடம். புத்தகம் இல்லாமலே வரும். நான் வாசிப்பை அளக்கேல்லை. ஞாபகத்தை அளந்திருக்கிறன்."

எனக்கு அதன் பாரம் பிறகுதான் விளங்கியது. பிழை அளவீட்டில் மட்டுமல்ல. திட்டத்தில் மருந்தாக எழுதியிருந்த கூட்டு வாசிப்புத்தான் பிள்ளைகளின் குறையை அவளுடைய கண்ணிலிருந்து மறைத்திருந்தது. ஊரே மெச்சிய வாசிப்பு. அவளுடைய பெயரே அதனால்தான் எடுபட்டது.

நான் நல்ல சிநேகிதியாக ஒரு கெட்ட யோசனை சொன்னேன். "கோகுலன் சேர் ஓம் எண்டிட்டார். வாற ஞாயிறு விளக்கம். இப்ப போய்க் கிளறாதையும். முதல் அனுமதியை எடும். பிறகு வகுப்பிலை மெல்ல மாத்துவம். ஆருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியுமே, அக்கா" என்றாள் அவள்.

எனக்குக் கோபம் வந்தது. அவள்மேல்தான். ஆனால் அன்று வீட்டுக்குப் போகாமல் அவளோடு நின்றேன்.

பிள்ளைகள் கண்ணால் காணாத ஒரு கதை வேண்டும். சொற்கள் அவர்களுக்குத் தெரிந்தவையாக இருக்க வேண்டும், கதை புதியதாக இருக்க வேண்டும். பாலத்தடியில் தூண்டில் போடுகிற தகப்பனுக்குச் சோற்றுப் பார்சல் கொண்டுபோகும் ஒரு சிறுமியின் கதையை வசந்தமலரே எழுதினாள். ஐந்தாம் தரப் புத்தகத்தில் வருகிற சொற்களையே பாவித்தாள், வாக்கியங்களின் நீளத்தையும் அந்த அளவில் வைத்தாள். தான் எழுதியது தனக்குச் சுலபமாகத்தான் தெரியும் என்று சொல்லி, தன்னோடு படிக்கிற முசலிப் பள்ளிக்கூடத்து இர்ஷானா ரீச்சருக்கு அனுப்பினாள். இர்ஷானா தன்னுடைய ஐந்தாம் தரத்தில் சில பிள்ளைகளிடம் வாசிக்கக் கொடுத்துப் பார்த்துவிட்டு, ஒரு வாக்கியம் நீளம், இரண்டாக வெட்டினால் சரி என்றாள். வெட்டினோம்.

அடுத்த நாள் ஒவ்வொரு பிள்ளையாக வந்தது. ஒரு நிமிடம் வாசிப்பு. விட்ட சொல், மாற்றி வாசித்த சொல் எல்லாம் பிழை. தானே திருத்திக்கொண்டால் பிழையில்லை. மூன்று வினாடி தடக்கி நின்றால் சொல்லைச் சொல்லிக்கொடுத்துப் பிழையாகக் குறிக்க வேண்டும். 'வருகிறேன்' என்று இருப்பதை ஒரு பிள்ளை 'வாறன்' என்று வாசித்தது. நான் பிழை போடப் போனேன். வசந்தமலர் கையைப் பிடித்தாள். "அது விளங்கி வாசிச்சிருக்கு, அக்கா. வீட்டுத் தமிழிலை வாசிச்சால் குற்றமோ?" வாசித்து முடிந்ததும் கதையிலிருந்து இரண்டு மூன்று கேள்வி கேட்டாள். சொற்களைச் சேர்த்துக் கருத்தோடு வாசிக்கிறதா, சொல் சொல்லாகப் பிய்த்து வாசிக்கிறதா என்பதற்கும் தனியாக ஒரு புள்ளி போட்டாள். வேகம் மட்டும் சரளமாகாது என்பது அவள் எனக்குச் சொல்லித்தந்த பாடம்.

அட்டவணை தலைகீழாகப் போனது. பின்தங்கி நின்ற ஒரு பையன் நடுவில் வந்தான். அவனுக்குப் பாடமாக்க வராது, ஆனபடியால் இத்தனை நாளும் எழுத்தைப் பார்த்தே வாசித்திருக்கிறான். வகுப்பில் பாதிக்கு மேல் கீழே விழுந்தார்கள். டிலக்சனா முதல் வரியில் நின்றாள். 'பாலத்தடியில்' என்ற சொல்லை எழுத்தெழுத்தாகக் கூட்டினாள். பிறகு வசந்தமலரின் முகத்தைப் பார்த்தாள். பிறகு அழுதாள்.

அதிபர் கதிர்காமு கெட்டவரல்ல, பயந்தவர். எங்கள் பிள்ளைகளின் வாசிப்பு நன்றாக இருக்கிறது என்று வலயக் கல்விக் கந்தோரில் போன மாதம்தான் சொல்லிவிட்டு வந்திருந்தார். புதிய அட்டவணையைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ரீச்சர், இதைக் கொண்டுபோய்க் காட்டினால் என்னைத்தான் கேப்பினம்."

"கேட்டால் வசந்தமலரின்டை பிழை எண்டு சொல்லுங்கோ, சேர். ஆய்விலையும் அப்பிடித்தான் எழுதியிருக்கு" என்றாள் வசந்தமலர்.

தலைப்பையே மாற்றியிருந்தாள். மாணவரின் குறையை நிவர்த்தி செய்தல் என்று இருந்த இடத்தில், 'என் வகுப்பின் கூட்டு வாசிப்பை நான் எவ்வாறு மாற்றியமைத்தால் தரம் ஐந்து மாணவர் புதிய பகுதியைச் சரளமாக வாசிப்பர்?' என்ற கேள்வி இருந்தது. அதிபர் அதை வாசித்துவிட்டு, ஆய்வுக்கான அனுமதியில் கையெழுத்துப் போட்டார். "புலமைப்பரிசில் பரீட்சைப் பாடத்தைக் கைவிடப்படாது" என்று ஒரு நிபந்தனை மட்டும் சொன்னார்.

விளக்கத்தில் டிலக்சனாவின் ஒலிப்பதிவைப் போட வேண்டும். பெயர் சொல்லாவிட்டாலும் பெற்றோரின் சம்மதம் இல்லாமல் போடக்கூடாது. பின்னேரம் இருவருமாக அவளுடைய தாய் ராக்கம்மாவைத் தேடிப் போனோம். களை பிடுங்கிவிட்டு அப்போதுதான் வந்து காலைக் கழுவிக்கொண்டிருந்தாள். வசந்தமலர் எதையும் மறைக்காமல் சொன்னாள். ராக்கம்மாவின் முகம் மாறியது.

"எம் புள்ளைக்கு வாசிக்கத் தெரியாதுங்கிறீங்களா, டீச்சர்? ராத்திரி புஸ்தகத்த மடியில வச்சுக்கிட்டு அம்புட்டையும் சொல்லுவாளே. நான் அடுப்படியில இருந்து கேப்பேன்."

"சொல்லுவா, ராக்கம்மா. நல்ல மூளை அவளுக்கு. ஆனா புதுசா ஒண்ணக் குடுத்தா நின்னுட்டா." வசந்தமலரும் அவளுடைய பேச்சுக்கே மாறியிருந்தாள். வளர்ந்த வீட்டுப் பேச்சு அது.

"எனக்கும் எழுத்துத் தெரியாது. அப்ப எனக்கும் அவளுக்கும் என்னங்க வித்தியாசம்?"

வசந்தமலர் தலையைக் குனியவில்லை.

"வித்தியாசம் இருக்கு. ஒங்களுக்கு வாத்தியார் கெடைக்கல. அவளுக்கு நான் இருக்கேன். தப்பு எங்கிட்டதான். அவ பெரிய பள்ளிக்கூடம் போறதுக்குள்ள வாசிக்க வச்சுத்தான் அனுப்புவேன்."

ராக்கம்மா ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, "அப்ப போட்டுக் காட்டுங்க" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை நானும் போனேன். விமர்சன நண்பருக்குக் கதிரை உண்டாம். கோகுலன் சேரோடு வெளியிலிருந்து ஒரு விரிவுரையாளர் வந்திருந்தார். பெயரைச் சொல்ல மாட்டேன். மற்றவர்களின் முன்மொழிவைக் கேட்கும்போது அரைக்கண் மூடியிருந்தவர், வசந்தமலரின் முறை வந்ததும் நிமிர்ந்தார்.

"நீங்கள் முதல் அனுப்பினதிலை வேறை அட்டவணை. இப்ப வேறை. எது உண்மை?"

வசந்தமலர் ஒலிப்பதிவைப் போட்டாள். மணி மாதிரிக் குரல். நடுவில் தாள்கள் படபடத்தன. குரல் நிற்கவில்லை.

"இப்ப புத்தகத்திலை இருக்கிறது ரயில், சேர். பிள்ளை வாசிக்கிறது தேனீ. முதல் அட்டவணை என்டை பிள்ளையளின்டை ஞாபகம். ரெண்டாவதுதான் அவையின்டை வாசிப்பு. பிழையைத் தாளிலை ஒளிச்சுக்கொண்டு வர எனக்கு விருப்பமில்லை."

வெளியிலிருந்து வந்தவர் கேள்விகளை அடுக்கினார். ஒரு பாதி வகுப்புக்கு மட்டும் புதிய முறையைச் செய்து மற்றப் பாதியோடு ஏன் ஒப்பிடவில்லை?

"மற்றப் பாதியும் என்டை பிள்ளையள்தானே, சேர். முறை நல்லதெண்டு எல்லா இடத்துக்கும் நிரூபிக்க நான் வரேல்லை. என்டை வகுப்பைத் திருத்த வந்தனான். ஒவ்வொரு பிள்ளையையும் அதின்டை முந்தின நிலையோடைதான் ஒப்பிடப்போறன்."

என்ன செய்யப்போகிறீர்கள் என்றார். சொன்னாள். தான் முதலில் கருத்தோடு வாசித்துக் காட்டுவது. எங்கே நிறுத்துவது என்று பிள்ளைகளே பென்சிலால் கோடு போடுவது. இரண்டு இரண்டு பேராக இருந்து ஒருவர் வாசிக்க மற்றவர் வரியில் விரல் வைத்துத் தொடர்வது. ஒரே பகுதியைச் சில தடவை வாசிப்பது, ஆனால் பாடமாகிவிடும் முன்னமே அடுத்ததுக்குப் போவது. சில வாரம் செய்துவிட்டு, காணாத பகுதியில் மறுபடி அளப்பது. தன் நாட்குறிப்பையும் என் அவதானிப்பையும் அளவீட்டோடு சேர்த்து வைத்துப் பார்த்து, சரிவராததை மாற்றி அடுத்த சுற்றுக்குப் போவது.

"அளக்கிற பகுதியும் பாடமாகிவிட்டால்?"

"ஒவ்வொருக்காலும் வேறை பகுதி. இர்ஷானா ரீச்சர் அதேயளவு கடினத்திலை பாத்துத் தருவா. அளந்து முடியும் வரைக்கும் என்டை அலுமாரியிலை பூட்டி இருக்கும்."

அவர் கோகுலன் சேரைப் பார்த்தார். இருவரும் தாளில் ஏதோ எழுதினார்கள். கோகுலன் சேர் எழுந்தார். "நான் தெளிவாயிருக்கு எண்டு எழுதினனான். தெளிவாய்ப் பிழையாயிருந்திருக்கு. இப்ப தொடங்குங்கோ" என்றார்.

வெளியே வந்து வசந்தமலர் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். பஸ் போய்விட்டது. அதற்கும் அவளைத்தான் ஏசினேன்.

அதன்பிறகு எங்கள் பள்ளிக்கூடத்தின் சத்தமே மாறிப்போனது. ஒரே தாளம் இல்லை. சந்தைபோல ஆளுக்கொரு குரல். வயலில் நிற்கிறவர்கள் "என்ன ரீச்சர், பிள்ளையள் இப்ப படிக்கிறேல்லையோ?" என்று கேட்டார்கள். சில தாய்மார் முகத்துக்கு நேரே குறை சொன்னார்கள். முதல் சுற்று முடிவில் அளந்தபோது பெரிய முன்னேற்றமும் இல்லை. சோடி சேர்த்தது பிழை, இரண்டு பேருமே தடக்குகிறவர்களாக இருந்தால் ஒருவரும் நகரமாட்டார்கள் என்று நான் சொன்னேன். வசந்தமலர் அதை நாட்குறிப்பில் எழுதி, அடுத்த சுற்றில் சோடிகளை மாற்றினாள். பாடமாக்க வராத அந்தப் பையன் டிலக்சனாவுக்குச் சோடியானான். நானாக இருந்தால் ஊர் பேசின பேச்சுக்குப் பழைய தாளத்துக்கே திரும்பியிருப்பேன். இப்படி ஒரு பெண்ணை நான் கண்டதில்லை, அதைச் சொல்ல எனக்கு வெட்கமும் இல்லை.

சோளகம் ஓய்கிற நாட்களில் இரண்டாம் சுற்று அளவீடு வந்தது. டிலக்சனாவின் முறைக்கு ராக்கம்மாவும் வேலைத்தலத்திலிருந்து நேரே வந்து, சேறு காயாத காலோடு வாசலில் நின்றாள். அலுமாரியிலிருந்து புதிதாக ஒரு கதை வந்தது. இந்தத் தடவை அதை ஒரு சின்னப் புத்தகமாகத் தைத்திருந்தோம். டிலக்சனா கையைக் கட்டவில்லை. விரலை வரியில் வைத்து வாசித்தாள். குரல் பழையபடி மணியாக இல்லை. ஒரு இடத்தில் நின்றாள், திரும்பிப் போனாள், தானே திருத்தினாள். நான் தொலைபேசியைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அரைச்சுவருக்கு மேலால் ஒரு காற்று வந்து தாளைப் புரட்டியது.

டிலக்சனா நிறுத்தினாள்.

"ரீச்சர், பக்கம் மாறிப்போச்சு" என்று சொல்லிவிட்டு, தாளைத் திருப்பி, விட்ட இடத்தைத் தேடி, விரலை வைத்தாள்.

வசந்தமலர் வாசலைத் திரும்பிப் பார்த்தாள். ராக்கம்மா சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு நின்றாள்.